வீட்டுப் பெரியவர்களுக்குப் பெரிய எழுத்தில் மருந்து அட்டவணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துப் பெயரை வரிசையாக எழுதி, எதிரே 1-0-1 என்று போட்டால் போதாதா?

மருந்தகத்தில் இருப்பவருக்கு அது போதும், மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் போதாது. காலை எட்டு மணிக்கு அட்டவணை முன்னால் நிற்கும் பெரியவர் மனதில் இருப்பது "இப்போது எதை எடுக்க வேண்டும்" என்ற ஒரே கேள்விதான். 1-0-1 என்று எழுதியிருந்தால் ஒவ்வொரு மருந்தாகப் படித்து, முதல் இலக்கம் ஒன்றா பூஜ்யமா என்று பார்த்து, மனதுக்குள் ஒரு பட்டியல் போட வேண்டும். நேரத்துக்கு ஒரு நெடுவரிசை என்று பிரித்துவிட்டால் அந்த வேலையைத் தாளே செய்துவிடும். "காலை" என்ற தலைப்பின் கீழே பார்வையை நேராக இறக்கினால், அங்கே புள்ளி உள்ளவை மட்டும்தான் இப்போதைய மருந்து.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1-0-1 முறையில் நாளுக்கு மூன்று வேளைதான் இருக்கிறது. எழுந்ததும் வெறும் வயிற்றில் போடுவதும் காலைச் சாப்பாட்டுக்குப் பின் போடுவதும் அதில் ஒரே "1"தான். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையிலும் அப்படித்தான்.

அம்மாவுக்கு 78 வயது, ஏழு மருந்து. எத்தனை நெடுவரிசை போடுவது?

மருந்து எத்தனை என்பதை விட்டுவிட்டு, ஒரு நாளில் எத்தனை முறை கை மாத்திரையைத் தொடுகிறது என்று எண்ணுங்கள். ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

தைராய்டுக்கு லெவோதைராக்சின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், எலும்புக்குக் கால்சியம், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், கண் அழுத்தத்துக்கு லட்டனோபிராஸ்ட் சொட்டு. இந்த ஆறும் தினமும். ஏழாவது, வாரம் ஒருமுறை மட்டும் வைட்டமின் டி.

லெவோதைராக்சின் வெறும் வயிற்றில், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. எனவே "எழுந்ததும்" என்று ஒரு நெடுவரிசை. மெட்ஃபார்மின் காலையும் இரவும் சாப்பாட்டோடு போக வேண்டியது. அம்லோடிபினைக் காலையில் அதோடு சேர்த்துவிடலாம். இது "காலைச் சாப்பாட்டுக்குப் பின்". கால்சியம் தைராய்டு மருந்து உடம்பில் ஏறுவதைத் தடுக்கும், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அதனால் அதை மதியத்துக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மெட்ஃபார்மினும் அட்டோர்வாஸ்டாட்டினும், படுக்கும்போது கண் சொட்டு. ஆக ஐந்து நெடுவரிசை. "மாலை" என்று ஒன்று காலியாக வேண்டாம். காலி நெடுவரிசை இருந்தால், மாலையில் எதையோ மறந்துவிட்டோமோ என்று அம்மா அங்கே நின்று யோசிப்பார்.

இந்த வரைவை அச்சடிக்கும் முன் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ ஒரு தடவை காட்டிவிடுங்கள். எந்த மருந்தை எந்த வேளைக்கு நகர்த்தலாம் என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள். மேலே உள்ளது உதாரணம். உங்கள் அம்மாவின் சீட்டு வேறாக இருக்கும்.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? 18 பாயிண்ட் என்று எங்கோ படித்தேன்.

18 பாயிண்ட் என்பது கையில் பிடித்துப் படிக்கும் பெரிய எழுத்துப் புத்தகத்துக்கான அளவு. அட்டவணை சுவரில் இருக்கும், பெரியவர் இரண்டடி தள்ளி நிற்பார். அதோடு, படிக்கிற கண்ணாடி பெரும்பாலும் சுமார் 40 சென்டிமீட்டர் தூரத்துக்குத்தான் சரியாக இருக்கும். அதைத் தாண்டினால் எழுத்து மங்கும். ஆகையால் அளவைப் புத்தகத்தில் தேடாமல் வீட்டிலேயே சோதித்துவிடுவது நல்லது. ஒரே மருந்துப் பெயரை 18, 24, 30, 36 பாயிண்டில் ஒரு தாளில் அச்சடியுங்கள். அட்டவணை தொங்கப்போகும் அதே இடத்தில், வழக்கமான கண்ணாடியோடு, இரவு விளக்கில் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறாமல் படித்த அளவுக்கு அடுத்த பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் சோதித்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும், அதை நம்ப வேண்டாம்.

அப்புறம் தாளின் அளவு. நம் உதாரணத்தில் ஆறு வரி, ஐந்து நெடுவரிசை. ஏ3 தாளைப் படுக்கை வாட்டில் வைத்தால் 420 மில்லிமீட்டர் அகலம், 297 உயரம். எல்லாப் பக்கமும் 12 மில்லிமீட்டர் விளிம்பு விட்டால் அகலத்தில் 396 மிஞ்சும். மருந்துப் பெயருக்கு 136 கொடுத்தால் ஐந்து நெடுவரிசைக்கும் தலா 52 கிடைக்கும். உயரத்தில் 273 மிஞ்சுகிறது. தலைப்புக்கு 45, வாராந்திர மருந்துக்கு 36, அடியில் தேதி, தொலைபேசி எண்ணுக்கு 24 என்று ஒதுக்கினால், ஆறு வரிக்கும் தலா 28 மில்லிமீட்டர் வரும். அதில் 30 பாயிண்டில் மருந்துப் பெயரும், அதன் கீழே 24 பாயிண்டில் எதற்கான மருந்து என்பதும் நெருக்கமில்லாமல் உட்காரும்.

இதையே ஏ4 தாளுக்குச் சுருக்கினால் எழுத்து 21 பாயிண்டுக்கு வந்துவிடும். ஏ3 அச்சு கிடைக்காவிட்டால் சுருக்காதீர்கள். பகலுக்கு ஒரு ஏ4, இரவுக்கு ஒரு ஏ4 என்று இரண்டாக்கிவிடுங்கள். அச்சடிக்கும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் வையுங்கள், இல்லையென்றால் இயந்திரம் தானாகவே சுருக்கிவிடும்.

தமிழில் எழுதினால் எந்த எழுத்துரு நல்லது?

அலங்காரம் இல்லாத, கோடுகளின் தடிமன் சீராக உள்ள எழுத்துரு. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், காட்டாமரன் மூன்றுமே இலவசம், மூன்றும் பொருந்தும். எடையைத்தான் கவனிக்க வேண்டும். தடித்த எழுத்து கண்ணுக்கு நல்லது என்று மிகத் தடித்ததைத் தேர்ந்தால், ண, ன, ழ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளியும் எழுத்தோடு ஒட்டிவிடும். நடுத்தரத் தடிமனோ அதற்கு ஒரு படி மேலோ போதும்.

வரி இடைவெளியையும் தாராளமாக, ஒன்றரை மடங்கு வரை விடுங்கள். மேலே வரும் இகர, ஈகாரச் சுழியும் கீழே இறங்கும் உகரக் காலும் மேல் வரி, கீழ் வரியோடு உரசினால், பார்வை குறைந்தவருக்கு எல்லாம் ஒரே கறுப்புக் கறையாகத் தெரியும்.

முக்கியமானதைச் சிவப்பில் போடலாமா? வேளைக்கு ஒரு நிறம் கொடுக்கலாமா?

சிவப்பு நமக்குத்தான் பளிச்சென்று இருக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டைக் கணக்கிட்டால், வெள்ளைத் தாளில் கறுப்பு 21-க்கு 1. சுத்தச் சிவப்பு சுமார் 4-க்கு 1 மட்டுமே. "மிக முக்கியம்" என்று சிவப்பில் எழுதியது, மற்ற எழுத்தைவிட மங்கலாகத் தெரியும். முக்கியமானதைக் கறுப்பிலேயே எழுதி, சுற்றித் தடித்த கட்டம் போடுங்கள்.

வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளடிக்கும். அதனால் நீல நிறங்கள் மங்கி, கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்தறிவது கடினமாகும், வெள்ளையில் வெளிர் மஞ்சள் கிட்டத்தட்ட மறைந்தே போகும். காலைக்கு மஞ்சள், இரவுக்கு நீலம் என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும் நிறங்கள்தான் இங்கே முதலில் தோற்கின்றன. நிறம் வேண்டுமென்றால் நெடுவரிசையின் பின்னணியில் லேசாகப் பூசிக்கொள்ளலாம். ஆனால் நிறத்தை நம்பி எந்தத் தகவலும் இருக்கக் கூடாது. அட்டவணையைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துப் பாருங்கள். அந்த நகலை வைத்தே மருந்தைச் சரியாக எடுக்க முடிந்தால் அட்டவணை தேறிவிட்டது.

நிறமில்லாமல் பகலையும் இரவையும் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. பகல் நெடுவரிசைகளின் தலைப்பு வெள்ளையில் கறுப்பு எழுத்து, இரவு நெடுவரிசைகளின் தலைப்பு கறுப்பில் வெள்ளை எழுத்து. இந்தத் தலைகீழ் முறையைத் தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே சிறிய எழுத்தில் செய்தால் மை பரவி வெள்ளைக் கோடுகளை விழுங்கிவிடும்.

லேமினேஷன் செய்வதாக இருந்தால் பளபளப்பில்லாத தாளைக் கேட்டு வாங்குங்கள். பளபளப்பான தாளில் விளக்கு வெளிச்சம் பட்டால் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு விழும். கண்புரை உள்ளவருக்கு அந்தக் கூச்சம் பக்கத்துக் கட்டங்களையும் மறைத்துவிடும்.

சூரியன், நிலா படம் போட்டுவிட்டேன். ஆனாலும் தாத்தா குழம்புகிறார். ஏன்?

எத்தனை சூரியன் போட்டீர்கள் என்று பாருங்கள். உதிக்கும் சூரியனும் மறையும் சூரியனும் படத்தில் ஒன்றேதான்: அடிவானக் கோட்டின் மேலே பாதி வட்டம், சுற்றிலும் கதிர்கள். காலைக்கும் மாலைக்கும் அதையே வரைந்திருந்தால், குழப்பம் தாத்தாவிடம் இல்லை. பாதிச் சூரியனை எழுந்ததற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்குக் கட்டத்தின் உச்சியில் முழு வட்டம். இரவுச் சாப்பாட்டுக்கு நிலாவோடு தட்டு, படுக்கைக்கு நிலாவோடு கட்டில். கட்டிலை வேறு யாரும் வேறு எதற்கும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தட்டுப் படம் இன்னும் மோசம். காலித் தட்டு என்றால் "இன்னும் சாப்பிடவில்லை" என்று ஒருவர் படிப்பார், "சாப்பிட்டு முடித்தாயிற்று" என்று இன்னொருவர் படிப்பார். இரண்டுமே நியாயமான வாசிப்புதான். தட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டு வரிசையைக் காட்டுங்கள்: முதலில் மாத்திரை, பிறகு அம்பு, பிறகு தட்டு என்றால் சாப்பாட்டுக்கு முன், தட்டு முதலில் வந்தால் சாப்பாட்டுக்குப் பின். பக்கத்திலேயே சொல்லாகவும் எழுதிவிடுங்கள். நம் அட்டவணையில் சாப்பாட்டு விஷயம் நெடுவரிசைத் தலைப்பிலேயே வந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் தட்டு வரைய வேண்டியதில்லை. கட்டங்கள் காலியாக மூச்சுவிடும்.

கண் சொட்டுக்கு முகம் வரைந்து ஒரு கண்ணைக் கறுப்பாக்கும் பழக்கமும் உண்டு. நம்மைப் பார்க்கும் முகத்தில் வலது கண் நம் இடப்பக்கம் இருக்கும், கண்ணாடியில் பார்ப்பவருக்கோ நேர்மாறு. படம் வேண்டாம், "வலது கண்" அல்லது "இரண்டு கண்ணிலும்" என்று எழுத்தில் போடுங்கள். செல்பேசியில் வரும் வண்ணச் சின்னங்களும் வேண்டாம். கறுப்பு வெள்ளையில் அச்சாகும்போது அவை சாம்பல் உருண்டைகளாகிவிடுகின்றன.

கட்டத்துக்குள் எத்தனை மாத்திரை என்பதை எப்படி எழுதுவது? அரை மாத்திரைகூட இருக்கிறது.

ஒரு மாத்திரைக்கு நிரப்பிய ஒரு வட்டம், பக்கத்தில் "1". இரண்டுக்கு இரண்டு வட்டம், "2". அரைக்குப் பாதி வட்டமும் "அரை" என்ற சொல்லும். ½ என்ற குறியைத் தவிருங்கள். அதிலுள்ள சின்ன 1-உம் 2-உம் மங்கிப் போய், ஒன்றா இரண்டா என்று தெரியாத ஏதோ ஓர் எண்ணாகிவிடும்.

மருந்து இல்லாத கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும். அங்கே கோடு போட்டால் சிலர் அதை ஒன்று என்று எடுத்துக்கொள்வார்கள். பெருக்கல் குறி போட்டால் "இதைப் போட்டாயிற்று" என்றும் ஆகும், "இதைப் போடாதே" என்றும் ஆகும்.

மருந்தின் வலிமையை எழுதும்போது தசமப் புள்ளியில் கவனம் தேவை. 2.5 என்பதில் புள்ளி கண்ணுக்குத் தப்பினால் 25. "5.0" என்று எழுதினால் 50 ஆகும் வாய்ப்பு உண்டு, வெறும் 5 என்றே எழுதுங்கள். இரண்டரையை எண்ணிலும் எழுத்திலும் போடுங்கள். லெவோதைராக்சின் மைக்ரோகிராமில் வரும் மருந்து. அதைச் சுருக்காமல் "மைக்ரோகிராம்" என்று முழுதாக எழுத வேண்டும். மில்லிகிராம் அதைவிட ஆயிரம் மடங்கு.

அட்டையில் கம்பெனிப் பெயர் ஒன்று, மருந்துப் பெயர் ஒன்று. அட்டவணையில் எதை எழுத?

வீட்டில் இப்போது இருக்கும் அட்டையில் பெரிதாக என்ன அச்சாகியிருக்கிறதோ அதை, அதே எழுத்தில், பெரிதாக. அட்டை ஆங்கிலத்தில் இருந்து அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்றாலும் அந்த எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்த்துக்கொள்வார். கீழே தமிழில் "சர்க்கரைக்கு", "பிரஷருக்கு" என்று அவர் வாயால் சொல்லும் சொல். அதற்கும் கீழே சிறிய எழுத்தில் மூல மருந்தின் பெயர். இது அம்மாவுக்காக அல்ல, அவசரத்தில் பார்க்கும் மருத்துவருக்காக.

மூலப் பெயரைச் சும்மா எழுதச் சொல்லவில்லை. மருந்தகத்தில் வேறு கம்பெனி மருந்து கொடுத்தால் அட்டையின் பெயரும் மாத்திரையின் நிறமும் மாறும். பழைய அட்டையில் நான்கு மிச்சமிருக்கும், புதிதும் வந்திருக்கும். இரண்டும் வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போடுவது வீடுகளில் நடக்கிறது. மூலப் பெயர் இருந்தால் வீட்டில் ஒருவராவது இரண்டும் ஒன்று என்று கண்டுபிடித்துவிடலாம்.

மாத்திரையின் நிறத்தையும் வடிவத்தையும் எழுதுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஏழில் ஐந்து "வெள்ளை, வட்டம்" என்றுதான் வரும். அட்டையை வெட்டி ஒட்டுவதும் வேண்டாம், காலாவதித் தேதி அந்தத் துண்டோடு போய்விடும்.

வாரம் ஒருமுறை மாத்திரையும், வலி வந்தால் போடும் மாத்திரையும் எங்கே வரும்?

தினசரிக் கட்டங்களுக்குள் கண்டிப்பாக வரக் கூடாது. "காலை" நெடுவரிசையில் ஒரு புள்ளி இருந்தால் அது தினமும் காலை என்றுதான் பொருள்படும். ஓரத்தில் "ஞாயிறு மட்டும்" என்று எழுதினாலும் கண் புள்ளியைத்தான் முதலில் பிடிக்கும். வைட்டமின் டி-யில் அந்தத் தவறு சில நாளில் தெரிந்து திருத்தப்படலாம். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை கொடுக்கும் மெதோட்ரெக்சேட்டைத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட மருந்து இருந்தால் அதைப் பெரியவர் கையிலேயே விடாமல், வீட்டில் ஒருவர் வைத்துக்கொண்டு அந்த நாளில் எடுத்துக் கொடுப்பதுதான் சரி.

நம் அட்டவணையில் அடியில் ஒதுக்கிய 36 மில்லிமீட்டர் இதற்குத்தான். தடித்த கோட்டால் பிரித்து, ஏழு நாளையும் கட்டமாக்கி, அந்த ஒரு நாளில் மட்டும் வட்டம். தேவைப்பட்டால் மட்டும் போடும் மருந்துக்குத் தனித் தாள்: எதற்கு, ஒரு தடவைக்கு எத்தனை, அடுத்ததற்கு எத்தனை மணி நேரம், ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை. இந்த எண்களை மருத்துவரிடம் கேட்டு நிரப்புங்கள். பாராசிட்டமால் சளி மாத்திரைகளிலும் கலந்திருக்கும், அதையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கட்டும்.

போட்டாயிற்று என்று டிக் அடிக்க இடம் விட வேண்டுமா?

சுவர் அட்டவணையில் வேண்டாம். அது எப்போதும் மாறாமல் இருக்க வேண்டிய தாள். லேமினேஷன் மேல் பேனாவால் டிக் அடித்து இரவில் துடைக்கலாம் என்பார்கள்; ஒரு நாள் துடைக்க மறந்தால், மறுநாள் காலை மருந்து "போட்டாயிற்று" ஆகிவிடும். போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்துக்கு வேளைவாரியாகப் பிரித்த மாத்திரை டப்பாதான் நல்ல பதில்: அறை காலி என்றால் போட்டாயிற்று. டப்பாவின் அறைகளிலும் அட்டவணையில் உள்ள அதே படங்களை ஒட்டிவிடுங்கள்.

அட்டவணை அம்மாவுக்குப் புரிந்ததா என்று எப்படித் தெரியும்? கேட்டால் "புரியுது" என்கிறார்.

பிள்ளை கஷ்டப்பட்டுச் செய்ததைப் புரியவில்லை என்று எந்த அம்மாவும் சொல்ல மாட்டார். வேலையாகக் கொடுத்துப் பாருங்கள். எல்லா அட்டைகளையும் மேசையில் கலந்து வைத்து, "இப்போ ராத்திரி சாப்பாடு முடிஞ்சது, எதெல்லாம் எடுப்பீங்கம்மா?" என்று கேளுங்கள். நம் உதாரணத்தில் மெட்ஃபார்மினும் அட்டோர்வாஸ்டாட்டினும் மட்டும் கையில் வர வேண்டும். நீங்கள் வாய் திறக்காமல் விரல் எங்கே போகிறது என்று கவனியுங்கள். விரல் பக்கத்து வரிக்கு நழுவினால் வரிகளுக்கு இடையே கோடு மெலிதாக இருக்கிறது. ஒரு வரி விட்டு ஒரு வரிக்கு வெளிர் சாம்பல் பூசினால் நிற்கும். தலைப்பையே தவறாகப் பிடித்தால் படத்தை மாற்றுங்கள். அட்டையை அடையாளம் காணத் திணறினால் பெயர் எழுதிய விதத்தில் கோளாறு. வேளைக்கு ஒன்றாக ஐந்தையும் கேட்டுவிடுங்கள், காலையில் இருந்து வரிசையாக இல்லாமல் மாற்றி மாற்றி.

எழுந்ததும் போடுவதையும் காலைச் சாப்பாட்டுக்குப் பின் போடுவதையும் திரும்பத் திரும்பக் கலந்தாலோ, இன்று காலையா மாலையா என்பதே நழுவினாலோ, எழுத்தை இன்னும் பெரிதாக்கிப் பயனில்லை. அப்போது அட்டவணை, மருந்து எடுத்துக் கொடுப்பவருக்கான தாளாகிவிடுகிறது. மருந்து இருக்கும் இடத்தையும் அவர் பொறுப்பில் வைக்க வேண்டும்.

மருத்துவர் ஒரு மருந்தை மாற்றிவிட்டார். அடித்து எழுதிக்கொள்ளலாமா?

அன்றைக்கு ஒரு நாளுக்குச் சரி. மறுநாள் புதிதாக அச்சடித்துவிடுங்கள். அடித்த வரியின் வட்டங்கள் தூரத்தில் இருந்து அடிக்கப்படாதவை போலவே தெரியும். ஒவ்வொரு தாளின் அடியிலும் "இந்தத் தேதியிலிருந்து" என்று தேதியைப் பெரிதாகப் போடுங்கள். புதியதை மாட்டும்போதே பழைய தாள்களையெல்லாம் தேடி எடுத்துக் கிழித்துப் போடுங்கள்: கைப்பையில் மடித்து வைத்தது, பிள்ளைகள் செல்பேசியில் உள்ள படம், அண்ணன் வீட்டில் ஒட்டியிருப்பது. நிறுத்திய மருந்தின் மிச்ச அட்டையையும் அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டும். அட்டவணையில் இல்லாத மருந்து கண்ணெதிரே இருந்தால், எழுத விட்டுப்போச்சு என்று நினைத்து அதையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு.